கிளை அறிக்கையின் கடைசி வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளை அறிக்கைகளைத் தொகுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எக்செல் அதிகம் பழகாதவர்களுக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் மாதிரிக்குக் கொடுத்த அட்டவணையின் கடைசி வரி தவறு. பல அலுவலகங்களில் மாதாமாதம் நடக்கும் தவறுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு புகாரைத் தீர்க்க எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் அந்த அட்டவணை. முதல் கிளையின் சராசரி 6 நாள், இரண்டாவது 2 நாள், மூன்றாவது 1 நாள். கீழே AVERAGE போட்டு, 'நிறுவனம் முழுவதற்கும் சராசரி 3 நாள்' என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். எந்தக் கிளைக்கு எத்தனை புகார் வந்தது என்று அட்டவணையில் எங்குமே இல்லை. அது இல்லாமல் அந்த 3 சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்ணிக்கையை நானே வைத்துக்கொள்கிறேன். முதல் கிளை ஊரின் நடுவில் இருக்கும் பெரிய கிளை, 900 புகார். இரண்டாவதில் 80, மூன்றாவதில் 20. ஆக மொத்தம் 1,000 புகார். முதல் கிளையில் செலவான நாட்கள் 5,400, இரண்டாவதில் 160, மூன்றாவதில் 20. கூட்டினால் 5,580. அதை 1,000-ஆல் வகுத்தால் 5.58 நாள். பத்தில் ஒன்பது பேர் ஆறு நாள் காத்திருந்த இடத்தில், 'சராசரி 3 நாள்' என்று நிர்வாகக் கூட்டத்தில் படித்திருப்பார்கள். சின்னக் கிளைகளில் வேலை குறைவு, எண்களும் பெரும்பாலும் அழகாக இருக்கும். அதனால் இந்தத் தவறு பல நேரம் நிர்வாகத்துக்குப் பிடித்த பக்கமாகவே சாய்கிறது. கேள்வி கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. பெரிய கிளையைத் தாளில் இரண்டாகப் பிரியுங்கள்: தலா 450 புகார், இரண்டுக்கும் சராசரி 6 நாள்தான். ஒரு புகாரும் கூடவில்லை, ஒரு நாளும் குறையவில்லை. ஆனால் 6, 6, 2, 1 என்ற நான்கின் சராசரி 3.75 ஆகிவிடும். பெயர்ப்பலகை மாற்றினாலே மாறிவிடும் எண்ணை வாடிக்கையாளர் காத்திருந்த நேரம் என்று சொல்ல முடியுமா? மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்து வந்த 5.58, கிளைகளை எப்படிப் பிரித்தாலும் சேர்த்தாலும் அசையாது.

சரி, எண்ணிக்கை கையில் இருந்தால், ஒவ்வொரு கிளையின் சராசரிக்கும் அதன் புகார் எண்ணிக்கையை நிறையாகக் கொடுத்து நிறையிட்ட சராசரி போட்டுவிடலாமே என்று கேட்கலாம். போடலாம். B பத்தியில் எண்ணிக்கையும் C பத்தியில் சராசரியும் இருந்தால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUM(B2:B4)
```

ஆனால் இது இரண்டாம் பட்சம். கிளை '6' என்று அனுப்பியது உண்மையில் 5.5 ஆகவும் இருக்கலாம், 6.4 ஆகவும் இருக்கலாம். முழு எண்ணாக்கி அனுப்பியிருப்பார்கள். 900 புகாருக்கு அரை நாள் பிசகினால் மொத்தத்தில் 450 நாள் பிசகு, நிறுவனச் சராசரியில் கிட்டத்தட்ட அரை நாள். அதனால் ஒவ்வொரு புகாரும் ஒரு வரியாக இருக்கும் மூலப் பட்டியலுக்கே போவதுதான் நல்லது. தரவுத்தளத்தில் இருந்தால்:

```sql
SELECT SUM(days) * 1.0 / COUNT(days) AS avg_days
FROM complaints;
```

இங்கே COUNT(*) என்று போட்டுவிடக் கூடாது. இன்னும் தீராத புகாரில் days காலியாக இருக்கும். COUNT(*) அதையும் எண்ணிவிடும், SUM-இல் அதற்கு ஒன்றும் சேராது, சராசரி காரணமில்லாமல் இறங்கும். சில மென்பொருள்கள் காலியிடத்தை 0 என்று எழுதிக் கொடுத்துவிடும். அப்போதும் இதே கதைதான். 1.0 எதற்கென்றால், சில தரவுத்தளங்கள் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமத்தை வெட்டிவிடும். 5.58 என்பது 5 என்று வந்து நிற்கும்.

பிவட் டேபிள் போடுபவர்களுக்கு இது இன்னும் எளிது. மூல வரிகளின் மேல் போட்ட பிவட் டேபிளில் 'கிராண்ட் டோட்டல்' வரி, சராசரியை எல்லா வரிகளிலிருந்தும் நேராகவே கணக்கிடுகிறது, அங்கே 5.58 தான் வரும். அப்புறம் யாரோ கிளைவாரி எண்களை மட்டும் வேறு தாளில் ஒட்டி, கீழே AVERAGE போடுகிறார்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாமல் சண்டை வரும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மூல வரிகளைத் தர முடியாத கிளைகள் சராசரியை அனுப்பவே வேண்டாம். மொத்த நாட்கள், தீர்ந்த புகார்களின் எண்ணிக்கை என்று இரண்டு பத்தி அனுப்பினால் போதும். அவை இரண்டையும் கூட்டலாம். சராசரியைக் கூட்ட முடியாது. சதவீதத்துக்கும் இதே வழிதான்: மேலே உள்ள எண், கீழே உள்ள எண் இரண்டும் தனித்தனியாக வரட்டும். இலாப விகிதம் என்றால் நிறை விற்பனைத் தொகை, ரசீதுகளின் எண்ணிக்கை இல்லை. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலை அளவுக்கு மட்டும் இந்த உபாயம் பலிக்காது. மூன்று கிளைகளின் இடைநிலை அளவுகளைப் புகார் எண்ணிக்கையால் நிறையிட்டாலும் நிறுவனத்தின் இடைநிலை அளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எல்லா வரிகளையும் சேர்த்து வரிசைப்படுத்தித்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நிறையிட்ட சராசரி சரியான எண்தான், ஆனால் எல்லாக் கேள்விக்கும் அதுவே பதில் இல்லை. அடுத்த மாதம் மூன்று கிளைகளுமே அரை நாள் மந்தமாகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 6.5, 2.5, 1.5. அதே மாதம் வேலையும் இடம் மாறி, புகார்கள் 500, 400, 100 என்று பிரிந்து வருகின்றன. மொத்த நாட்கள் 4,400, சராசரி 4.4. எல்லாக் கிளையும் மோசமானது, நிறுவனச் சராசரியோ 5.58-இலிருந்து 4.4-க்கு இறங்கி நல்ல பேர் வாங்கிக்கொண்டது!

இதில் கணக்குத் தவறு எதுவும் இல்லை. வாடிக்கையாளர் உண்மையிலேயே முன்பைவிடக் குறைவாகக் காத்திருந்தார், ஏனென்றால் பலர் வேகமான கிளைக்குப் போய்விட்டார்கள். ஊழியர்களின் வேகம் கூடியதா என்று கேட்டால் மட்டும் அந்த எண் ஏமாற்றும். அதற்குப் போன மாத எண்ணிக்கையையே நிறையாக வைத்து இந்த மாத நாட்களைப் பெருக்க வேண்டும்: 5,850, 200, 30, மொத்தம் 6,080, அதாவது 6.08 நாள். மறைந்துபோன அந்த அரை நாள் இப்போது வெளியே வந்துவிடுகிறது. மாதத்துக்கு மாதம் ஒப்பிடும் அறிக்கையில் 4.4, 6.08 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடலாம், எது எதற்கு என்று ஒரு வரி எழுதி.

கட்டுரையாளரிடம் அந்த மாதிரி அட்டவணையின் புகார் எண்ணிக்கை இருந்தால், அடுத்த இதழில் அந்தப் பத்தியையும் சேர்த்துக் கடைசி வரியைத் திருத்தி வெளியிடுங்கள். உங்கள் வாசகர்கள் சிலர் இந்நேரம் அந்தச் சூத்திரத்தைத் தங்கள் அறிக்கையில் போட்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
கிளை அறிக்கைகளைத் தொகுக்கும் வாசகர்