பல் செட்டுக்குப் பேஸ்ட் வேண்டாம்: முதியோர் இல்லங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் இரவுப் பணியில் இருக்கும் பராமரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் மாதச் சாமான் பட்டியலில் டூத் பேஸ்ட் இருக்கும். சொந்தப் பல் உள்ளவர்களுக்கு அது சரி. பல் செட் போட்டவர்களுக்கும் அதே டியூபைப் பிதுக்கித் தேய்ப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பேஸ்டில் கறையைச் சுரண்டி எடுக்க நுண்ணிய துகள்கள் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் அல்லது சிலிக்கா. பல்லின் எனாமல் மிகக் கடினமானது, அந்த உரசலைத் தாங்கும். பல் செட்டின் ஈறுப் பகுதி அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். எனாமலைவிடப் பல மடங்கு மிருதுவானது. தினமும் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் அதில் மயிரிழைக் கீறல்கள் விழும். செட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: புதிதில் இருந்த பளபளப்பு போய் மங்கலாக, ஒரே திசையில் கோடுகள் தெரிந்தால் அது பேஸ்டின் வேலை. பல்பொடி இன்னும் மோசம். பாத்திரம் தேய்க்கும் பார் சோப்பிலும் உரசும் தூள் உண்டு, அதுவும் ஸ்கிரப்பரும் வேண்டாம்.

கீறல் விழுந்தால் அழகு கெடுவதோடு முடிவதில்லை. அந்தப் பள்ளங்களில் கேண்டிடா என்ற பூஞ்சை குடியேறும். பிரஷ் மயிர் அங்கே போய்ச் சேராது. மேல் செட்டைக் கழற்றும்போது அண்ணம் செட்டின் அளவுக்கே அச்சு வைத்ததுபோல் சிவந்திருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் வலி இருக்காது என்பதால் முதியவர்கள் தாமாகச் சொல்வது அரிது. பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

வெற்றிலை போடும் ஒரு பாட்டியின் மேல் செட்டை எடுத்துக்கொள்வோம். பற்களின் இடுக்கில் செம்பழுப்புக் கறை. பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்த்தால் அன்றைக்குப் போனதுபோல் தெரியும். கீறிய பரப்பு அடுத்த வாரம் முன்னைவிட வேகமாகக் கறையை இழுக்கும். மறுபடி அழுத்தித் தேய்ப்பார்கள். இப்படியே போனால் செட் பாழ்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். இரவு உணவுக்குப் பின் செட்டைக் கழற்றி ஓடும் நீரில் அலசுங்கள். வாஷ்பேசினில் பாதி தண்ணீர் நிரப்பி அல்லது துண்டு விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். கை வழுக்கி விழுந்தால் உடையாது. மிருதுவான பிரஷில் ஒரு சொட்டு மென்மையான திரவ சோப்பு விட்டு எல்லாப் பக்கமும் தேயுங்கள், அண்ணத்தில் ஒட்டும் உட்பக்கத்தை மறக்காமல். படிந்திருக்கும் வழுவழுப்பான படலத்தை எடுப்பது இந்தத் தேய்ப்புதான். செட்டை ஊறவைக்கும் மாத்திரை மட்டும் போட்டால் அது முழுதாகப் போகாது.

பிறகு, செட் முழுதும் மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் பல் செட்டுக்கான மாத்திரை ஒன்றைப் போடுங்கள். ஒரு டம்ளர் நீர் பொதுவாகப் போதும். சிட்ரிக் அமிலமும் சோடியம் பைகார்பனேட்டும் சேர்ந்து நுரைக்கும். பெர்சல்ஃபேட் போன்ற பொருள்கள் ஆக்சிஜனை விட்டுக் கறையைக் கழற்றும். எவ்வளவு நேரம் என்பதை அட்டைப்பெட்டியில் பார்த்துச் செய்யுங்கள். சிலவற்றுக்குச் சில நிமிடங்களே போதும். கொதிநீர் ஊற்றினால் அக்ரிலிக் வளைந்து, மறுநாள் காலை வாயில் பொருந்தாமல் ஆடும். பிளீச்சிங் திரவமும் வேண்டாம், உலோகச் சட்டம் உள்ள செட்டை அது அரிக்கும். எடுத்ததும் மறுபடி பிரஷால் தேய்த்து, மாத்திரைக் கரைசல் துளியும் இல்லாமல் ஓடும் நீரில் அலசுங்கள். பெர்சல்ஃபேட் சிலருக்கு ஒவ்வாமை தரும். அரிப்பு, வீக்கம், மூச்சிரைப்பு தெரிந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

அலசிய செட்டை இரவு முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் வையுங்கள். காய விட்டால் அக்ரிலிக் ஈரம் இழந்து அளவு சிறிது மாறும். அந்த நேரத்தில் ஈறுகளுக்கும் ஓய்வு கிடைக்கும். ஆளுக்கொரு மூடிபோட்ட டப்பா, மூடியில் பெயர், தினமும் புது நீர். எல்லாரின் செட்டையும் ஒரே பாத்திரத்தில் ஊறப்போடும் வழக்கம் எங்கேனும் இருந்தால் இன்றே விடுங்கள். கிருமியும் கலக்கும், செட்டும் மாறும். உட்புறம் ரப்பர்போல் மிருதுவான பூச்சு உள்ள செட் என்றால், மாத்திரை போடுவதற்கு முன் அதைச் செய்துகொடுத்தவரிடம் கேளுங்கள். சில மாத்திரைகள் அந்தப் பூச்சைக் கெடுக்கும்.

இன்னொன்று. மறதி நோய் உள்ளவர்கள் இந்த மாத்திரையை மருந்து என்றும், கலக்கிய நீரைக் குடிக்கும் நீர் என்றும் எண்ணிவிடுவார்கள். மருந்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் அலமாரியில் பூட்டி வையுங்கள். குடிக்கும் டம்ளரில் கரைசலைக் கலக்காதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அட்டைப்பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
பல் செட் செய்தும் பழுதுபார்த்தும் வரும் சிலர்