கையிருப்புச் சான்று இருந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வாடிக்கையாளர் பணம் தன்னிடம் இருக்கிறது என்று காட்டும் 'கையிருப்புச் சான்று' வெளியிடுகிற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில், அதாவது கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் இடத்தில், பணத்தை வைத்தால் பயமில்லை என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அது பாதி உண்மைதான். ஹட்டன் பக்கம் அம்மாவின் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்ததும் அப்படியே ஃபோனில் கிரிப்டோ வாங்கிவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் விழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் போட்ட பணம் அதே முதலாளியின் அலமீடா என்ற வியாபார நிறுவனத்துக்குப் போனது. அலமீடா தன் சொத்து என்று காட்டியதில் ஒரு பெரிய பங்கு எஃப்.டி.எக்ஸ் தானே வெளியிட்ட எஃப்.டி.டி நாணயம். நவம்பர் 2இல் இது செய்தியாக வந்தது, 6ஆம் தேதி போட்டி நிறுவனமான பைனான்ஸ் தன்னிடமிருந்த எஃப்.டி.டியை விற்கப்போவதாகச் சொன்னது, உடனே எல்லோரும் பணத்தை எடுக்க ஓடினார்கள். 8ஆம் தேதி கொடுப்பது நின்றது, 11ஆம் தேதி வங்குரோத்து. வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டியதில் சுமார் 8 பில்லியன் டொலர் இல்லை.

அதற்குப் பிறகுதான் கையிருப்புச் சான்று எங்கும் பிரபலமானது. இதில் இரண்டு பக்கம் உண்டு. நாணயத்தை வைத்திருக்கும் கணக்கான வாலட்டில் இவ்வளவு நாணயம் இருக்கிறது என்று காட்டுவது ஒன்று, வாடிக்கையாளருக்கு இவ்வளவு கடன் என்று காட்டுவது மற்றது. இரண்டாவதற்கு ஒவ்வொருவர் மீதியையும் ஒரு குறியீடாக்கி, இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போய் கடைசியில் ஒரே குறியீட்டில் முடிப்பார்கள், மெர்க்கிள் மரம் என்பது அதைத்தான். அதில் உங்கள் மீதி சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

ஆனால் யாரும் பார்க்காவிட்டால்? 1,400 பிட்கொயின் கொடுக்க வேண்டிய நிறுவனத்திடம் 1,000தான் இருக்கிறது என்று வையுங்கள். 400க்கு உரிய கணக்குகளை மரத்தில் சேர்க்காமல் விட்டால் கணக்கு அழகாக நேராகிவிடும், விடுபட்டவர் ஒருவராவது தன் மீதியைத் தேடிப் பார்த்தால்தான் பிடிபடும். அல்லது அந்த ஒரு நாளுக்கு மட்டும் 400ஐ எங்காவது கடன் வாங்கி வாலட்டில் போட்டுக் காட்டலாம், ஏனென்றால் சான்று சொல்வது அந்த நேரத்து இருப்பை மட்டும்தான். அலமீடா மாதிரி வேறு இடத்தில் உள்ள கடன் இதில் தெரியவே தெரியாது.

எனவே வாலட் பக்கத்தை மட்டும் காட்டுகிற சான்றை நம்பாதீர்கள். சொந்த நாணயத்தையே கையிருப்பாகக் காட்டினால் அதைக் கழித்துவிட்டு மிச்சம் போதுமா என்று பாருங்கள். அப்புறம், வாங்கியதை அங்கேயே விடாமல் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதன் இரகசியச் சொற்களைத் தொலைத்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது.

இங்கே உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால் 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கு அது கிடையாது. எஃப்.டி.எக்ஸில் பிட்கொயின் வைத்திருந்தவர்களுக்கு வங்குரோத்து நாள் விலையில், அதாவது ஒன்றுக்குச் சுமார் 16,870 டொலர் என்றே கணக்குப் பார்த்தார்கள். 2025இல் பணம் கொடுக்கத் தொடங்கியபோது சந்தை விலை அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேலே இருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஹட்டன்