எல்லாவற்றையும் கிளிக் செய்தால் முழுப் புள்ளியா?

வாடிக்கையாளர் சேவை முகாமையாளருக்கு,

ஐயா / அம்மணி,

வெள்ளவத்தையில் தரம் 10 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உங்கள் இணையப் பரீட்சை மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டியிருக்கிறேன். 'பொருத்தமான அனைத்தையும் தெரிவுசெய்க' வினாவுக்குப் புள்ளி போடுவதில் உள்ள கோளாறை எத்தனை பேரிடம்தான் சொல்வது?

வினா இதுதான்: மின்னைக் கடத்துபவை எவை? செம்பு, பென்சிற்கரி, கந்தகம், பிளாஸ்டிக், உலர்ந்த மரம். சரி இரண்டு, பிழை மூன்று. சரியான ஒவ்வொன்றுக்கும் 50 வீதம் கொடுத்தேன். பிழையானவற்றுக்கு உங்கள் மென்பொருள் தானாகவே 0 போட்டுக்கொள்கிறது. ஐந்தையும் கிளிக் செய்துவிட்டுப் போன பையனுக்கு 100 வந்தது. செம்பை மட்டும் அறிந்து, தெரியாததைத் தொடாமல் விட்ட பிள்ளைக்கு 50.

இதைச் சொன்னபோது தொலைபேசியில் உங்கள் ஆள் சிரித்தார். "பிள்ளைகளுக்குப் புள்ளி கூடினால் உங்களுக்கு என்ன நட்டம், டீச்சர்?" என்று கேட்டார். என்ன நட்டமா? பெற்றோர் முன்னால் என் பெயரே போய்விட்டது!

பிழைக்குப் புள்ளி கழிக்கலாமே என்பீர்கள். உங்கள் பட்டியலில் இருப்பது 25, 50 மட்டும். 25 கழித்தால் எல்லாவற்றையும் கிளிக் செய்தவருக்கு இன்னும் 25 மிஞ்சுகிறது. 50 கழித்தால் செம்பும் கந்தகமும் தெரிவுசெய்த பிள்ளைக்குப் பூச்சியம். பாதி அறிவுக்கு மதிப்பே இல்லை. வேண்டியது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.33. அப்போது ஐந்தையும் தொட்டவருக்கு ஒன்றும் இல்லை, செம்பும் கந்தகமும் என்றவருக்கு ஏறக்குறைய 17, சரியான இரண்டோடு ஒரு பிழை சேர்த்தவருக்கு 67. பரீட்சை மென்பொருள் விற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கை நானா சொல்லித்தர வேண்டும்?

அப்புறம் 'திருத்தம்' என்று ஒன்று அனுப்பினீர்கள். இப்போது ஒவ்வொரு தெரிவும் சரி/பிழை வினாவாம், ஒவ்வொன்றுக்கும் 20. விளைவைப் பாருங்கள்: ஒன்றையுமே தொடாத பிள்ளை பிழையான மூன்றையும் 'சரியாக' விட்டதாகி 60 எடுக்கிறது! இதைக் காட்டத்தான் கொட்டும் வெயிலில் காலி வீதி பஸ்ஸில் நசுங்கி உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வரவேற்பில் இருந்தவர் திரையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், "இணையத்தில் முறைப்பாடு போடுங்கள்" என்றார். போட்டதால்தானே வந்தேன்!

இன்னொருவர், 'இரண்டைத் தெரிவுசெய்க' என்று வினாவை மாற்றச் சொன்னார். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் செம்பை மட்டும் அறிந்தவரும் இரண்டாவதை ஊகித்துப் போடுவார். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே யோசிக்கிறாரா என்பது எப்படித் தெரியும்?

தயவுசெய்து ஒவ்வொரு தெரிவுக்கும் கழிவை நானே தட்டச்சுச் செய்ய விடுங்கள். வினாவின் புள்ளி பூச்சியத்துக்குக் கீழே போகாமலும் வையுங்கள். நடந்த பரீட்சையை மறுபடி கணக்கிட்டுத் தாருங்கள். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் சந்தாப் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை விஞ்ஞான ஆசிரியை