ஜெராக்ஸை நம்பி பணம் கட்டாதே

அன்புள்ள முருகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். துபாய் வேலைக்காக ஏஜென்ட் கொடுத்தது என்று நீ வாட்ஸப்பில் அனுப்பிய இரண்டு தாளையும் எதிர்வீட்டு அக்கா மகளிடம் கொடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் பேசினால் பாதியில் கோபம் வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதல் தாள் ஏஜென்ட் லைசென்ஸின் ஜெராக்ஸ். சென்னை முகவரி, கோபுரச் சின்னம் மாதிரி ஏதோ ஒரு முத்திரை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்னிடம் 90,000 கேட்பவர் உட்கார்ந்திருப்பது காட்பாடி ரோட்டில், செல்போன் கடைக்கு மேல் மாடியில். அந்த லைசென்ஸில் அவர் பெயரும் இல்லை, அந்த முகவரியும் இல்லை. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் இப்படி ஆள் வைத்துப் பிள்ளை பிடிக்கச் சட்டத்தில் இடமே கிடையாது.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெளியுறவு அமைச்சகத்தின் emigrate.gov.in தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்கள் பட்டியல் இருக்கிறது. தாளில் உள்ள லைசென்ஸ் எண்ணை அதில் தேடு. அந்தப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. லைசென்ஸ் இப்போது நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பார். அப்புறம், அந்தத் தளத்தில் போட்டிருக்கும் நம்பருக்கே போன் செய். விசிட்டிங் கார்டு நம்பருக்குச் செய்தால் மாடியில் இருப்பவர்தான் எடுப்பார். "காட்பாடியில் உங்களுக்கு ஆபீஸ் இருக்கிறதா, இந்த துபாய் வேலைக்கு நீங்கள்தான் ஆள் எடுக்கிறீர்களா?" என்று கேள். இழுத்துப் பேசினாலே உனக்குத் தெரிந்துவிடும்.

பதிவு பெற்ற ஏஜென்டே ஆனாலும் உன்னிடம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். மொத்தம் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். மீதி 54,600 எதற்கு என்று கேட்டாயா?

நீ பத்தாவது முடிக்காததால் உன் பாஸ்போர்ட் இசிஆர். அமீரகத்துக்கு வேலைக்குப் போக நீ குடிபெயர்வு அனுமதி வாங்கியே ஆக வேண்டும். "விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த ஒரு பேச்சுக்கே நான் எழுந்து வந்திருப்பேன். அந்த வழியில் போனால் உன் பெயரில் ஒப்பந்தமும் பதிவாகாது, அனுமதியோடு வரும் 10 லட்ச ரூபாய் காப்பீடும் கிடையாது.

இரண்டாவது தாளுக்கு, சம்பளத் தாளுக்கு, வருகிறேன். மாதம் 1,000 திர்ஹம் என்று நீ சந்தோஷப்பட்டாய். கீழே சின்ன எழுத்தில் பார்: பேசிக் 600, சாப்பாட்டுப் படி 400. அமீரகத்தில் ஓவர்டைம் கணக்கு பேசிக்கை வைத்துத்தான். மாதம் 26 நாள், தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்தாய் என்று வை. பேசிக் 600 என்றால் மணிக்கு இரண்டரை திர்ஹம், கால் பங்கு கூட்டினால் மூன்று சொச்சம். மாதம் 162 திர்ஹம் வரும். பேசிக் 1,000 ஆக இருந்தால் அதே உழைப்புக்கு 270. வேலையை முடித்து வரும்போது தரும் கிராஜுவிட்டியும் அப்படியே. வருஷத்துக்கு 21 நாள் பேசிக் என்று இரண்டு வருஷத்துக்குப் போட்டால், பேசிக் 600க்கு 840, பேசிக் 1,000க்கு 1,400. கம்பெனியே மெஸ் போட்டுவிட்டால் அந்த 400 கைக்கு வருமா என்றும் தாளில் ஒரு வரி இல்லை.

இன்னொன்று. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் தமிழிலும் கிடைக்கும். விசா போடுவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கி, நீயே படித்துக் கையெழுத்துப் போடு. அங்கே போய்ப் போடும் ஒப்பந்தம் அதோடு ஒத்துப்போக வேண்டும். நான் சவுதி போனபோது இங்கே 800 ரியால் என்று கையெழுத்து வாங்கினார்கள். இறங்கிய மூன்றாம் நாள் அரபியில் ஒரு தாளை நீட்டினார்கள். நானும் போட்டேன், 500 ஆனது. என் கையில் ஒரு நகல்கூட இல்லை, யாரிடம் போய்க் காட்டுவது? உன் அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது, நீயும் சொல்லாதே.

உன்னைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒசூரில் வாங்குகிற சம்பளத்தில் தங்கச்சி கல்யாணத்தை நினைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திருப்பி வாங்கு. தர மறுத்தால் எனக்குப் போன் செய், நான் குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு தாளையும் எடுத்து வா.

அன்புடன்,
அப்பா