இரண்டு சரியான விடைகள்: ஆங்கில வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். காலங்கள் பற்றிய பகுதியில் நீங்கள் அடிக்கடி வைக்கும் ஒரு வகைக் கேள்வி, நன்றாகப் படித்த மாணவரையே தடுமாற வைக்கிறது. அதைத் திருத்தித் தரும்படி கேட்கவே இதை எழுதுகிறோம்.

கேள்வி இப்படி இருக்கும்: "ஆஸ் சூன் ஆஸ் தி ட்ரெயின் ____, வி வில் கெட் இன்." கீழே நான்கு விடைகள்: வில் அரைவ், அரைவ்ஸ், அரைவ்ட், ஹேஸ் அரைவ்ட். நீங்கள் எதிர்பார்க்கும் விடை "அரைவ்ஸ்". இனி நடக்கப்போவதைச் சொன்னாலும், வென், ஆஃப்டர், ஆஸ் சூன் ஆஸ் ஆகியவற்றால் தொடங்கும் காலத் துணை வாக்கியத்தில் "வில்" வராது, நிகழ்கால வடிவமே வரும் என்பது விதி. எதிர்காலத்தை முதன்மை வாக்கியத்தில் இருக்கும் "வில்" சுமந்துகொள்கிறது.

மாணவர் ஏன் தவறுகிறார் என்று பாருங்கள். தமிழில் இதை "ரயில் வந்தவுடன் ஏறுவோம்" என்போம். ரயில் இன்னும் வரவில்லை, ஆனாலும் "வந்த" என்ற இறந்தகால வடிவத்தைத்தான் வைக்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர் "அரைவ்ட்" எழுதுகிறார். "ரயில் வரும்போது" என்று யோசிப்பவர் "வில் அரைவ்" எழுதுகிறார். இரண்டு தவறுக்கும் வேர் வேறு. ஆனால் பாடம் தமிழிலேயே இருக்கிறது: துணைப்பகுதியின் வடிவத்தைப் பார்த்து நாம் காலத்தை முடிவு செய்வதில்லை, "ஏறுவோம்" என்ற வினைமுற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். இதைக் கரும்பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டினால் மாணவருக்கு விதி அந்நியமாகத் தெரியாது.

இப்போது எங்கள் குறை. அந்தக் கேள்வியில் "ஹேஸ் அரைவ்ட்" என்பதும் சரியான ஆங்கிலமே. வந்து சேர்தல் ஒரு நொடியில் முடியும் செயல் என்பதால் "அரைவ்ஸ்", "ஹேஸ் அரைவ்ட்" இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருளைத் தருகின்றன. ஆக, தெரிந்தே நான்காவதைத் தேர்ந்த மாணவர் மதிப்பெண் இழக்கிறார். அந்த இடத்தில் "வாஸ் அரைவிங்" என்று வைத்துவிடுங்கள், போதும்.

நீண்டு நடக்கும் செயல்களில் நிலைமை வேறு. "வென் ஐ ஹேவ் ரெட் தி புக், ஐ வில் ரிடர்ன் இட்" என்பதில் படித்து முடித்த பிறகு திருப்பித் தருவேன் என்பது தெளிவு. "வென் ஐ ரீட்" என்றால் படிக்கும்போதே தருவதுபோல் ஒலிக்கும். அங்கே "ஹேவ் ரெட்" மட்டுமே விடையாக இருக்கலாம். வென் வைத்துக் கேட்பதாக இருந்தால் இப்படிப்பட்ட வினைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ஆஃப்டர் வைத்தால் இந்த வேறுபாடு தேயும், ஏனெனில் முன்பின் வரிசையை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

ஆஃப்டர் வந்தாலே "ஹேட்" போட வேண்டும் என்று சில வழிகாட்டி நூல்கள் பழக்கிவிடுகின்றன. அது கடந்தகாலக் கதைக்குத்தான் பொருந்தும். எனவே முதன்மை வாக்கியத்தின் வினையைக் கோடிட்ட இடமாக்காமல் முழுதாகக் கொடுங்கள். இரண்டு வினையையும் மறைத்தால் காலத்தைக் காட்ட வாக்கியத்தில் எதுவும் மிஞ்சாது.

மிகவும் சிக்கலானது வென். "ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்" என்பதில் "வில்" சரி. இங்கே வென் நேரத்தைக் காட்டும் துணை வாக்கியத்தைத் தொடங்கவில்லை. கேள்வியொன்று வாக்கியத்துக்குள் அமர்ந்திருக்கிறது. பிரித்தறியத் தமிழே கைகொடுக்கும். "அவன் வந்ததும்", "வரும்போது", "வந்த பிறகு" என்று வந்தால் நிகழ்கால வடிவம். "அவன் எப்போது வருவான் என்று" என வந்தால் "வில்".

இந்தச் சோதனையை உங்கள் வினாத்தாள் மீதே ஓட்டிப் பாருங்கள். "ஐ வில் டெல் யூ வென் ஹி ____." அவன் வந்ததும் சொல்கிறேன் என்றால் "கம்ஸ்". எப்போது வருவான் என்று சொல்கிறேன் என்றால் "வில் கம்". இரண்டும் பிழையற்ற ஆங்கிலம், பொருள்தான் வேறு. டெல், ஆஸ்க், லெட் யூ நோ ஆகியவற்றுக்குப் பின்னால் வென் வரும் எந்தக் கோடிட்ட இடத்திலும் இந்த இரட்டைப் பொருள் ஒளிந்திருக்கும். அந்த வினைகளை விட்டுவிட்டு "ஐ வில் லாக் தி டோர் வென் ஹி ____" என்று அமைத்தால், "கம்ஸ்" பொருந்தும், "வில் கம்" பொருந்தாது. அங்கேயும் "ஹேஸ் கம்" என்பதை விடைகளில் சேர்க்காதீர்கள்.

அடுத்த வினாத்தாளை அச்சுக்கு அனுப்பும் முன், இந்தப் பகுதியின் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாகக் கோடிட்ட இடத்தில் வைத்து, முழு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கணம் கற்பிப்போர் சிலர்