நூற்றிருபதால் பெருக்காதே

வவுணதீவு,
மட்டக்களப்பு.

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பின கணக்கைப் பார்த்தேன். அஞ்சு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்து நெல் செய்தால் ஏக்கருக்கு முப்பது மூடை, மூடை 66 கிலோ, எல்லாமாக 9,900 கிலோ என்று போட்டிருக்கிறாய். அதை 120 ரூபாயால் பெருக்கி 1,188,000 ரூபாய் வரவு என்று எழுதியிருக்கிறாய். பெருக்கலில் பிழை இல்லை. அந்த 120ஐ எடுத்த இடத்தில்தான் பிழை.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் உத்தரவாத விலையாகக் கிலோவுக்கு நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாய் என்று அறிவித்தது. இது நெல் சந்தைப்படுத்தல் சபை அப்போது தன் களஞ்சியத்தில் வாங்கிய விலை. ஆலைக்காரரும் வயலுக்கு லொறி கொண்டு வருகிற வியாபாரியும் இதே விலைக்குத்தான் வாங்கவேண்டும் என்று அவர்களை அது கட்டிப்போடாது. சபை சந்தைக்குள் இறங்கி நிறைய நெல்லை வாங்கினால்தான் வெளியே விலை ஏறும். விளைகிற நெல்லில் சிறு பங்கைத்தான் சபை வாங்குகிறது. காசும் களஞ்சியத்தில் இடமும் உள்ளவரை வாங்கும், பிறகு கதவை மூடும். ஒருவரிடம் இவ்வளவுதான் என்று வரம்பும் வைக்கும், அது போகத்துக்குப் போகம் மாறும். ஆகவே உன் 9,900 கிலோவையும் எடுப்பார்கள் என்று எழுதிவைக்காதே.

பெரிய விஷயம் ஈரம். 120 ரூபாய் என்பது 14 வீதத்துக்கு மேல் ஈரம் இல்லாத, தூற்றிய நெல்லுக்கு. வெட்டு மெசினில் இருந்து இறங்கும் நெல் 20, 22 வீத ஈரத்தோடுதான் வரும். தை மாசி மழை பிடித்தால் அதற்கும் மேலே போகும். நீ மூடை எண்ணினது மெசின் வாயில், விலை எடுத்தது களஞ்சிய வாசலில்.

கணக்கை இப்படிப் போடு. 22 வீத ஈரம் என்றால் நூறு கிலோவில் 78 கிலோ உலர்ந்த பொருள், மிச்சம் தண்ணீர். காயவைக்கும்போது அந்த 78 குறையாது, தண்ணீர்தான் போகும். காய்ந்து 14 வீதத்துக்கு வந்த நெல்லில் உலர்ந்த பொருள் 86 வீதம். அதனால் நிறையை 78ஆல் பெருக்கி 86ஆல் பிரிக்கவேண்டும். உன் 9,900 கிலோ 8,979 கிலோவாகும். அதற்கு 120 ரூபாய்ப்படி 1,077,480 ரூபாய். ஒரு இலட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல் வெயிலோடு போய்விட்டது. யாரும் ஏமாற்றவில்லை, அது தண்ணீர்.

இதையே திருப்பிப் பார்த்தால் வியாபாரியின் விலையை மதிப்பிடலாம். 120ஐ 78ஆல் பெருக்கி 86ஆல் பிரித்தால் 108.84. அதாவது காய்ந்த நெல்லுக்கு 120 என்றால் 22 வீத ஈர நெல்லுக்கு 109 ரூபாய் அளவுதான் பெறுமதி. காயவைக்கிற கூலி, சாக்கு, களஞ்சியத்துக்கு உழவு இயந்திரக் கூலி எல்லாம் கிலோவுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள் (உன் இடத்துக் கூலியைக் கேட்டு மாற்றிக்கொள்). அப்போது 104. வயலில் நின்று கையில் காசாக 100 தருகிறவனைக் கொள்ளைக்காரன் என்று சொல்ல முடியாது. 90 தருகிறவனைத் தாராளமாகச் சொல்லலாம். ஈரம் 18 வீதம் என்றால் 82ஆல் பெருக்கு, பெறுமதி 114 ஆகும். ஈரத்தை அளக்காமல் விலை பேசுவதுதான் இங்கே பலருக்கு நட்டம். வியாபாரி கையை விட்டுப் பார்த்து "நல்ல ஈரம்" என்பான், அந்தப் பேச்சுக்கே சில ரூபாய் இறங்கிவிடும். மூடைக்கு எத்தனை கிலோ கழிக்கிறான் என்பதையும் விலை பேசும்போதே கேட்டுவிடவேண்டும்.

அப்படியானால் எல்லாரும் காயவைத்துவிட்டு விற்கலாமே என்று கேட்பாய். ஈர நெல்லை மூடையில் கட்டிவைத்தால் ஓரிரு நாளில் உள்ளே சூடேறி மணம் மாறும், அரிசி மஞ்சளாகும். கைவிரலை மூடைக்குள் ஆழமாக விட்டால் சூடு தெரியும். களத்தில் படங்கு விரித்து இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, அரைமணிக்கொருதரம் கிண்டவேண்டும். மெல்லியதாகப் பரப்பி உச்சி வெயிலில் விட்டால் சீக்கிரம் காயும், ஆனால் மணி உள்ளே வெடித்து, குற்றும்போது குறுநலாகும். இரவில் மூடாவிட்டால் பனி இழுத்து மறுபடி ஈரமாகும். பத்துத் தொன் நெல்லுக்கு அந்த அளவு களமும் ஆளும் வெயிலும் ஒன்றாகக் கிடைக்கவேண்டும். அது இல்லாதவனுக்கு உத்தரவாத விலை பத்திரிகையில் மட்டும்தான்.

காலமும் இருக்கிறது. 2025இல் விலை அறிவித்தபோது அம்பாறைப் பக்கம் வெட்டு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. நாட்டில் முதலில் வெட்டுகிறவர்களில் நாமும் ஒருவர், விலை வரமுன் விற்றவனுக்கு வித்தியாசத்தை யாரும் தரமாட்டார்கள். இந்தியாவில் இது எப்படி என்று கேட்டிருந்தாய், அங்கே இந்த ஒன்று மட்டும் மேல்: அங்கே குறைந்தபட்ச ஆதரவு விலையை விதைப்புக் காலத்தை ஒட்டியே அறிவிக்கிறார்கள். 2025-26க்குச் சாதாரண நெல்லுக்கு நூறு கிலோவுக்கு 2,369 இந்திய ரூபாய், ஈரம் 17 வீதம் வரை. ஆனால் தனியார் அந்த விலைக்குக் கீழே வாங்கக் கூடாது என்ற சட்டம் அங்கேயும் இல்லை. டெல்லி எல்லையில் விவசாயிகள் மாதக்கணக்காக இருந்தபோது கேட்டவற்றில் அந்தச் சட்டமும் ஒன்று.

வெள்ளம் வந்தோ யானை புகுந்தோ முப்பது மூடை பத்தானால் இந்த விலை உதவாது. அது கிலோவுக்கான விலை, ஏக்கருக்கானது அல்ல. காப்புறுதி வேறு விஷயம்.

உனக்கு முக்கியமானது இனித்தான். சபைக்கு நெல் கொடுக்கிறவர் செய்கைக்காரர் என்று கமநல சேவை நிலையத்தில் பதிவு இருக்கவேண்டும், காசு வங்கிக் கணக்குக்குத்தான் வரும். குத்தகைக் காணி என்றால் பதிவில் பெரும்பாலும் காணிக்காரரின் பெயர்தான் கிடக்கும். நீ வெளிநாட்டில். குத்தகை எழுதும்போதே, இந்தப் போகம் இங்கே நின்று செய்கை பண்ணுகிறவர் யார் என்பதை நிலையத்தில் பதியச் சொல்லு. வெட்டின பிறகு அலைந்தால் அதற்குள் நெல் சூடேறிவிடும்.

இன்னொன்று, உரமும் வெட்டுக்கூலியும் வியாபாரியிடம் கடனாக எடுக்கும்படி யாரும் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. கடனுக்கு நெல் என்று பேசினால், வெட்டின அன்று அவன் சொல்லும் வயல் விலைக்கே நெல் அவன் லொறியில் ஏறும். 104க்கும் 90க்கும் இடையில் தெரிவு செய்கிற உரிமை அங்கேயே போய்விடும். அனுப்புகிற காசில் வெட்டுக்கூலியையும் படங்கு, சாக்குக் காசையும் தொடாமல் ஒதுக்கி வை.

கணக்கைத் திரும்பப் போடு. ஈர நெல் 9,900 கிலோவை வியாபாரியின் மோசமான விலையான 90ஆல் பெருக்கு, 891,000 வரும். அதில் குத்தகை, உழவு, விதை, உரம், எண்ணெய், வெட்டுக்கூலி எல்லாம் கழித்து ஏதும் மிஞ்சினால் காணிக்காரரோடு பேசுகிறேன். மிஞ்சாவிட்டால் இந்தப் போகம் வேண்டாம்.

அம்மா சுகம். அடுத்த முறை போன் எடுக்கும்போது கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எடு.

அப்பா