கூரியர் ரசீது எதற்குச் சாட்சி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பொருள் வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரையில், வெளியூர் விற்பனையாளரிடம் கூரியர் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் அனுப்பலாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். முன்பணம் போனதுதான் மிச்சம்.

வரி விளம்பரத்தில் பார்த்த கேமரா அது. நாலில் ஒரு பங்கு முன்பணம், பார்சல் போட்டதும் மீதி என்று பேச்சு. பணம் அனுப்பிய மறுநாளே ரசீதின் படம் வந்தது. என் பெயர், முகவரி, எண் எல்லாம் சரி. கூரியர் நிறுவனத்தின் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பார்சல் கிளம்பிவிட்டதாகக் காட்டியது. மீதியை அனுப்பப் போகும்போதுதான் எடை கண்ணில் பட்டது: 300 கிராம். கேமரா, லென்ஸ், சார்ஜர், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவாவது இருக்க வேண்டாமா? கேட்டேன். "கவுண்டரில் சும்மா ஏதோ போட்டிருப்பார்கள் சார், நீங்கள் பணத்தை அனுப்புங்கள்" என்றார். நான் அனுப்பவில்லை. வந்த பெட்டியில் பழைய செய்தித்தாள்தான் இருந்தது. (உங்களுடையது அல்ல!)

யாரோ ஒருவர் ஏதோ ஒன்றை என் முகவரிக்கு அனுப்பினார் என்பதற்கு மட்டுமே ரசீது சாட்சி. உள்ளே இருப்பது என்ன என்று கூரியர்காரருக்கே தெரியாது. பெட்டியை வாங்கும்போது பணம் கொடுக்கும் முறையிலும் இதே கதைதான். பெரும்பாலும் பணத்தைக் கொடுத்த பிறகுதான் பிரிக்க விடுவார்கள்.

முன்பணத்துக்கு முன்பே வீடியோ அழைப்பில் கேமராவைக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். படம் போதாது, அதை வேறு விளம்பரத்திலிருந்து எடுத்துவிடலாம். பேட்டரி மூடியைத் திறங்கள், அடியில் உள்ள சீரியல் நம்பரைக் காட்டுங்கள், ஒரு படம் எடுங்கள் என்று அந்த நேரத்தில் மனதில் தோன்றியதைக் கேட்க வேண்டும். பொருள் கையில் இல்லாதவர் அங்கேயே நழுவிவிடுவார். ஆனால் இதுவும் பொருள் அவரிடம் இருக்கிறது என்பதைத்தான் காட்டும். அதையே அனுப்புவார் என்பதை அல்ல.

விற்பவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அனுப்பிய பார்சலை வாங்குபவர் வேண்டாம் என்று திருப்பிவிட்டால், போக வரச் செலவு அவர் தலையில் விழும். அதனால் கூரியர் செலவுக்கு மட்டும் முன்பணம் கேட்டால் நான் இன்றும் கொடுப்பேன். அதற்கு மேல் கேட்டால், அவர் ஊரில் எனக்குத் தெரிந்தவர் யாரையாவது நேரில் போய்ப் பார்த்து, பணத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கி அனுப்பச் சொல்வேன். போன மாதம் ஒரு முக்காலியை அப்படித்தான் வாங்க நினைத்தேன். என் நண்பர் நேரில் வருவார் என்றதும் அந்த விற்பனையாளர் போனையே எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்